மழைக்கு முன்னாடி நம்ம லோரோங்ல மூணு கோடு



புரட்டாசி கடைசி ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் நம்ம கோயில் மண்டபத்துல ஒரு வேலை இருக்கு. போன வருஷம் கோயிலுக்குப் பின்னால உள்ள லோரோங்ல மட்டும் செஞ்சு பார்த்தோம். இந்த வருஷம் மத்த லோரோங்குகளும் செய்யணும்னு கேக்குறாங்க. என்ன வேலை, ஏன் செய்யுறோம், எப்படிச் செய்யுறதுன்னு கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். பதிவு நீளம்தான். பொறுமையா படிங்க, வீட்டுல பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை மழை ஆரம்பிச்சது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மறுநாள் கோலாலம்பூர்ல சில இடங்கள்ல ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டுச்சு. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல ஏறி நின்னாங்க. நாடு முழுக்க 50-க்கும் மேற்பட்ட உயிர் போச்சு. நம்ம தாமான்ல உயிர்ச்சேதம் இல்ல, அது கடவுள் புண்ணியம். ஆனா அந்த ராத்திரி ஒவ்வொரு வீட்டுலயும் நடந்த பேச்சு ஒண்ணுதான்: "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்." காரை எடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பார்ப்போம். பாட்டியை மேல தூக்கிட்டுப் போகலாமா, இன்னும் கொஞ்சம் பார்ப்போம். எவ்வளவு பார்க்கிறது, எது வரைக்கும் பார்க்கிறதுன்னு யாருக்கும் ஒரு அளவு இல்ல. நாப்பது வீடு, நாப்பது தனித்தனி முடிவு, அதுவும் இருட்டுல, பயத்துல.

அந்த முடிவை மழை இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் சேர்ந்து, வெளிச்சத்துல எடுத்து வச்சுக்கலாம். அதுக்குத்தான் இந்த மூணு கோடு.

முதல்ல கோடு எங்க போடுறது, எப்படி அளக்குறதுன்னு சொல்றேன்.

பார்வைக்கு நம்ம ரோடு சமமாத்தான் தெரியும். ஆனா சமமா இல்ல. எங்கேயோ ஒரு இடம் பள்ளமா இருக்கும், மழைத் தண்ணி முதல்ல நிக்கிறது அங்கதான். பின்னால லோரோங்ல அது 19-ஆம் நம்பர் வீட்டு முன்னால. அந்த இடத்து ரோட்டுத் தரையை 'பூஜ்யம்'னு வச்சுக்கிட்டோம். இனி எந்த உயரம் சொன்னாலும் அங்கிருந்துதான் கணக்கு.

அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசல் தரையும் அந்தப் பூஜ்யத்துக்கு எவ்வளவு மேல இருக்குன்னு அளந்தோம். இதுக்கு எந்திரம் எதுவும் வேணாம். கட்டட வேலை செய்யுற அண்ணன்மாருக்கு இது தெரிஞ்ச வித்தைதான்: 20 மீட்டர் நீளத்துல உள்ளே தெரியுற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூப், அதுல தண்ணி. தண்ணி கண்ணுக்கு நல்லாத் தெரிய ரெண்டு சொட்டு சிராப் கலர் விட்டோம். டியூபோட ரெண்டு முனையையும் திறந்து வச்சு ஆளுக்கு ஒரு முனை பிடிச்சா, எவ்வளவு தூரம் தள்ளி நின்னாலும் ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துலதான் நிக்கும்.

ஒரு வீட்டுக்குக் கணக்கு சொல்றேன். பள்ளத்துல நிக்கிறவர் ரோட்டுல இருந்து தண்ணி மட்டம் வரைக்கும் அளந்தா 100 சென்டிமீட்டர். 23-ஆம் நம்பர் வீட்டு வாசல்ல நிக்கிறவர் வீட்டுத் தரையில இருந்து அளந்தா 72. நூறுல எழுபத்திரண்டு போனா 28. அப்போ அந்த வீட்டுத் தரை பள்ளத்தை விட 28 சென்டிமீட்டர் உயரம். பள்ளத்துல தண்ணி 28 வந்தா அந்த வீட்டுக்குள்ள நுழையும். அவ்வளவுதான் கணக்கு.

டியூப் எட்டாத தூரத்துல உள்ள வீடுகளுக்கு, நடுவுல ஒரு கேட் தூண்ல சாக்பீஸ்ல மட்டத்தைக் குறிச்சுக்கிட்டு, அந்தக் குறியில இருந்து மறுபடியும் அளந்துக்கிட்டே போகணும். லோரோங் கடைசி வரைக்கும் போயிட்டு, திரும்ப அளந்துக்கிட்டே 19-ஆம் நம்பருக்கு வரணும். ஆரம்பிச்ச குறியும் முடிச்ச குறியும் ஒண்ணா இருந்தா அளவு சரி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா டியூப்புக்குள்ள எங்கேயோ காத்துக் குமிழ் இருக்குன்னு அர்த்தம். எங்களுக்கு முதல் தடவை நாலு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துச்சு. டியூபைத் தட்டித் தட்டி குமிழை வெளியேத்திட்டு மறுபடி அளந்தோம். 42 வீட்டுக்கும் சேர்த்து ஒரு காலைப் பொழுது ஆச்சு.

வந்த விவரம் இது. ரொம்பத் தாழ்வான வீட்டுத் தரை 24 சென்டிமீட்டர். பெரும்பாலான வீடுகள் 28-க்கும் 45-க்கும் நடுவுல. மூலை வீடு ரெண்டு மட்டும் 58. நம்ம கோயில் தரை 70. 2021-ல தண்ணி நின்ன கறை 23-ஆம் நம்பர் வீட்டுச் சுவத்துல இன்னும் இருக்கு, தரையில இருந்து 106 சென்டிமீட்டர். தரை 28, கறை 106, ஆக 134. அதாவது அன்னைக்கு மாதிரி தண்ணி மறுபடி வந்தா கோயிலுக்குள்ளேயே 64 சென்டிமீட்டர் நிக்கும்.

இதைக் கேட்டு சில பேர் மனசு கஷ்டப்பட்டாங்க. "கோயிலுக்கு ஓடிப் போயிட்டா போதும்"னு தான் நாம எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்தோம். சின்ன வெள்ளத்துக்குக் கோயில் தரை சரி. பெரிய வெள்ளத்துக்கு மண்டபத்து மாடி மட்டும்தான் சரி, கீழ் மண்டபம் கிடையாது. இது தெரியாம எல்லாரும் கீழ வந்து உக்காந்தா, மறுபடியும் அங்கிருந்து தூக்கணும்.

இப்போ அந்த மூணு கோடு. பள்ளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிச்சு, அவர் கேட் தூண்ல வெளிச்சம் பட்டா பளபளன்னு மின்னுற டேப் ஒட்டினோம். 10 சென்டிமீட்டர்ல ஒரு பட்டை, 20-ல ரெண்டு பட்டை, 30-ல மூணு பட்டை. கலர் வேணாம்னு முடிவு பண்ணினோம், ஏன்னா ராத்திரி டார்ச் வெளிச்சத்துல கலர் தெரியாது, வானிலைத் துறையோட எச்சரிக்கைக் கலரோடயும் குழப்பிக்குவோம். பட்டையை எண்ணிக்கலாம். எதிர் வீட்டு மாடி ஜன்னல்ல இருந்து டார்ச் அடிச்சா தெரியணும், அதுதான் இடம் தேர்ந்தெடுக்குற விதி. விளக்குக் கம்பத்துல ஒட்டக்கூடாது. அது நம்ம சொத்து இல்ல, அனுமதி வேணும். அதைவிட முக்கியம், வெள்ளத்துல விளக்குக் கம்பத்துக்கிட்ட யாரும் போகவே கூடாது, மின்சாரம் கசியும்.

ஒரு பட்டையைத் தண்ணி தொட்டா: கார், மோட்டார் சைக்கிள் எல்லாத்தையும் மேட்டுக்குக் கொண்டு போகணும். அதே நேரத்துல, தானா நடந்து மாடி ஏற முடியாதவங்களை நகர்த்த ஆரம்பிக்கணும். "ஆரம்பிக்கலாமா"ன்னு பேச்சு இல்ல.

ரெண்டு பட்டை: கீழ்மாடி மின்சாரத்தை மெயின் சுவிட்ச்ல நிறுத்தணும். கேஸ் தோம்பு வால்வை மூடி மேல கொண்டு போகணும், முடியலன்னா மிதக்காம கயித்தால கட்டணும். இதுக்கு மேல லோரோங்குக்குள்ள எந்த வண்டியும் வரக்கூடாது. 30 சென்டிமீட்டர் தண்ணியே சின்னக் காரை மிதக்க வச்சிரும். மெயின் சுவிட்ச் கிட்ட ஏற்கெனவே தண்ணி நிக்குதுன்னா, தண்ணியில நின்னுக்கிட்டு சுவிட்சைத் தொடாதீங்க, விட்டுட்டு மேல போயிருங்க.

மூணு பட்டை: யாரும் ரோட்டுல இறங்கக் கூடாது. இருக்கிற இடத்துல மேல ஏறணும், 999-க்கு அழைக்கணும், காத்திருக்கணும். ஓடுற தண்ணி கணுக்காலைத் தாண்டினாலே பெரிய ஆளைத் தள்ளிரும். திறந்து கிடக்கிற லோங்காங் எங்க இருக்குன்னு அந்தக் கலங்கல் தண்ணியில தெரியாது.

மாடி இல்லாத வீட்டுக்காரங்க என்ன செய்யுறதுன்னு அப்பவே ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. பின்னால லோரோங்ல 42-ல 17 வீடு ஒத்தை மாடி. அந்த 17 வீட்டுக்கும் பக்கத்துலயோ எதிர்லயோ ஒரு ரெட்டை மாடி வீட்டைத் 'துணை வீடு'ன்னு முன்கூட்டியே பேசி வச்சோம். கேட்டுச் சாவி ஒண்ணு கைமாத்தியாச்சு. ரெண்டு இடத்துல துணை வீடு மலாய்க் குடும்பம், ஒரு இடத்துல சீனக் குடும்பம். கேட்டதும் சரின்னாங்க. ஒத்தை மாடி வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு பட்டைதான் கடைசிக் கோடு, மூணாவதுக்குக் காத்திருக்கக் கூடாது.

கோட்டை விட முக்கியம், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல தண்ணி எவ்வளவு நேரம் எடுத்துக்குதுங்கிறது. இதைத்தான் நோட்டுல எழுதணும். உதாரணத்துக்கு, ராத்திரி 9.10-க்கு 5 சென்டிமீட்டர், 9.40-க்கு 10 சென்டிமீட்டர்னு வைங்க. அரை மணிக்கு அஞ்சு, ஒரு மணிக்குப் பத்து. இதே வேகத்துல போனா மூணாவது பட்டைக்கு 11.40 ஆகும். நம்ம கையில ரெண்டு மணி நேரம்.

அந்த ரெண்டு மணி நேரம் போதுமா? அதுக்குத்தான் ரெண்டாவது வேலை: நோட்டுப் புத்தகம்.

வீட்டுக்கு ஒரு வரி. எத்தனை பேர், அதுல மாடி ஏற முடியாதவர் யார், ராத்திரியில எந்த அறையில படுக்கிறார். இதயம், ஆக்சிஜன் மெஷின், இன்சுலின் மாதிரி விவரம் இருந்தா அது. டயாலிசிஸ் போறவர்னா எந்தக் கிழமைன்னு கட்டாயம் எழுதணும். வாரம் மூணு தடவை போறவர் ரெண்டு தடவை விட்டாலே ஆபத்து. வெள்ளம் வடியுற வரைக்கும் அவரால வீட்டு மாடியில உக்காந்திருக்க முடியாது, முதல்லயே வெளியூர்ல சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பணும். பின்னால லோரோங்ல அப்படி ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் திங்கள், புதன், வெள்ளி. இன்னொருத்தர் செவ்வாய், வியாழன், சனி. பலத்த மழை எச்சரிக்கை வந்தாலே, தண்ணி வரலைன்னாலும், அவங்க ரெண்டு பேரும் கிளம்பிருவாங்கன்னு பேச்சு.

இந்த விவரம் எல்லாம் வாட்சாப் குழுவுல போடக்கூடாது. ஒருத்தரோட நோய் விவரம் எல்லார் போன்லயும் சுத்தக் கூடாது. காகிதத்துல எழுதி பிளாஸ்டிக் உறையில போட்டு, ஒண்ணு கோயில் ஆபீஸ்ல, இன்னொண்ணு லோரோங் பொறுப்பாளர் வீட்டு மாடியில. கரண்ட் போய், சிக்னலும் போன ராத்திரியில காகிதம்தான் படிக்க முடியும். வருஷா வருஷம் புரட்டாசியில புதுசா எழுதுறோம், பழசைக் கிழிச்சிடுறோம்.

எழுதி முடிச்சதும், தூக்க வேண்டிய ஆள் இருக்கிற வீடு ஆறுன்னு தெரிஞ்சது. அடுத்த ஞாயிறு ஒரு வீட்டுல ஒத்திகை பார்த்தோம். எழுபத்தெட்டு வயசுப் பாட்டி, முட்டி வலி, தானா எந்திரிக்க முடியாது. ரெண்டு இளைஞர்கள் போய், பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சுத் துணை வீட்டு மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும். கடிகாரத்தைப் பார்த்தோம்: 20 நிமிஷம்.

ஆறு வீடு, இருபது நிமிஷம், ஒரே குழுன்னா 120 நிமிஷம். நம்ம கையில இருக்கிறதும் அதே ரெண்டு மணிதான். தண்ணி வேகம் கொஞ்சம் கூடினாலும் ஆறாவது வீட்டு ஆளை நட்டாத்துல விட்டுட்டோம்னு அர்த்தம். அதனால மூணு குழு, குழுவுக்கு ரெண்டு வீடுன்னு பிரிச்சோம். இப்போ 40 நிமிஷத்துல வேலை முடியும். இது வீரத்துல வந்த முடிவு இல்ல, பெருக்கல் வாய்ப்பாட்டுல வந்த முடிவு.

அந்த 20 நிமிஷம் எங்க போச்சுன்னும் பார்த்தோம். தூக்கினது ஏழு நிமிஷம்தான். மிச்சம் எல்லாம் தேடினது. மாத்திரை டப்பா எங்க, கண்ணாடி எங்க, ஐ.சி. எங்க, பல்செட்டு எங்க. அப்புறம் ஒரு பை தச்சுக் கட்டில் கால்ல மாட்டி வச்சோம். அஞ்சு நாள் மருந்து, ஐ.சி. நகல், மூக்குக் கண்ணாடி, மருத்துவமனை அட்டை, ஒரு மாத்துத் துணி. மறுபடியும் ஒத்திகை பார்த்தப்ப 11 நிமிஷம்.

அந்த ஒத்திகையில இன்னொண்ணும் நடந்தது. பாட்டி முதல்ல வரவே மாட்டேன்னுட்டாங்க. "சாமி விளக்கை அணைச்சுட்டு நான் எங்கடா வர்றது? அறுபது வருஷமா எரியுற விளக்கு." பேரன் கோபப்பட்டுக் கத்தினான். பாட்டி அசையல. விளையாட்டு ஒத்திகைக்கே இப்படின்னா, நிஜ ராத்திரியில என்ன ஆகும்? எரியுற விளக்கை விட்டுட்டு வர்றதும் ஆபத்து, தண்ணியில தோம்பு சாஞ்சு கேஸ் கசிஞ்சா வீடே போயிரும். கடைசியில நம்ம குருக்கள் ஐயாதான் வந்து சொன்னார்: "அம்மா, உங்க விளக்குல இருந்து ஒரு திரி கோயில் விளக்குல சேர்த்துக்கிறேன். அது இங்க எரியும். வெள்ளம் வடிஞ்சதும் இங்கிருந்து நீங்க கொண்டு போய் ஏத்துங்க." அந்த ஞாயித்துக்கிழமையே அதைச் செஞ்சும் காட்டினார். அதுக்கப்புறம் பாட்டி, "எப்ப மணி அடிச்சாலும் வர்றேன்டா"ன்னாங்க. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். நாயை விட்டு வரமாட்டேன், நகையை விட்டு வரமாட்டேன்னு சொல்லலாம். அந்தக் காரணம் என்னன்னு வெயில் காலத்துலயே கேட்டு நோட்டுல எழுதிடுங்க. வெள்ளத்துல வாதாட நேரம் இருக்காது.

தண்ணி ஒரே வேகத்துல ஏறும்னு மட்டும் நம்பிடாதீங்க. ஆத்துக்கரை வழிஞ்சாலோ, பம்ப் நின்னாலோ அரை மணியில அஞ்சு சென்டிமீட்டர் ஏறினது பத்து, பதினஞ்சுன்னு குதிக்கும். அதனால விதி: முந்தின அரை மணியை விட இந்த அரை மணியில ரெண்டு மடங்கு ஏறியிருந்தா, அடுத்த பட்டைக்குக் காத்திருக்காம அதுக்குரிய வேலையை உடனே செய்யணும். இன்னொரு அடையாளம், வாசலைப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க, கீழ்மாடி பாத்ரூமைப் பாருங்க. பல வீட்டுல தண்ணி முதல்ல வர்றது பாத்ரூம் தரைத் துளை வழியா. 'குளுக் குளுக்'னு சத்தமும் நாத்தமும் வந்தா, வெளியில குழாய் நிரம்பிடுச்சுன்னு அர்த்தம். தடிமனான பிளாஸ்டிக் பையில மணல் போட்டு அந்தத் துளை மேல வச்சு அழுத்தினா கொஞ்ச நேரம் தாங்கும்.

அடுத்து, எப்போ விழிச்சிருக்கணும்? இதுக்கு நம்ம பக்தர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு பொருள் உதவும்: பஞ்சாங்கம்.

நம்ம பக்கம் லோங்காங் தண்ணி எல்லாம் கடைசியில ஆத்துக்குப் போய்க் கடலுக்குப் போகுது. கடல் ஏறுற நேரத்துல ஆத்து மட்டமும் ஏறும். அப்போ ஆத்துத் தண்ணி தாமானுக்குள்ள வராம இருக்க தண்ணிக் கதவை மூடுவாங்க. மூடினதும், வானத்துல இருந்து கொட்டுற மழை வெளிய போக வழி இல்ல, பம்ப் இழுக்குறது மட்டும்தான். அமாவாசை, பௌர்ணமி, அதுக்கு அடுத்த ரெண்டு நாள், இந்த நாட்கள்லதான் கடல் ஏத்தம் ரொம்ப அதிகம். 2021 டிசம்பர் 19 மார்கழிப் பௌர்ணமி. மழை கொட்டினது 18. அந்தக் கணக்கை இப்போ பாருங்க.

கோயில் நாட்காட்டியில ஐப்பசியில இருந்து தை வரைக்கும் எல்லா அமாவாசை, பௌர்ணமியும் அச்சடிச்சிருக்கு. ஒவ்வொண்ணையும், அடுத்த ரெண்டு நாளையும் சேர்த்து சிவப்புப் பேனாவுல வட்டம் போட்டோம். வட்டம் போட்ட நாள்ல பலத்த மழை எச்சரிக்கையும் வந்தா, லோரோங் பொறுப்பாளர் அன்னைக்குத் தூங்க மாட்டார், அரை மணிக்கு ஒரு தடவை தூணைப் பார்ப்பார். கடல் ஏத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, தினம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். சரியான நேரம் கடல் ஏத்த அட்டவணையில இருக்கும்.

உங்க தாமானுக்கு இது பொருந்துமான்னு எப்படித் தெரியும்? மழையே இல்லாத ஒரு பௌர்ணமி அன்னைக்குப் பெரிய லோங்காங்கை ரெண்டு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. மழை இல்லாமலே தண்ணி ஏறி இறங்கினா, உங்க இடத்துல கடல் பேசுது. ஏறலைன்னா இந்த வட்டம் உங்களுக்கு வேணாம், எச்சரிக்கையும் ஆத்து மட்டமும் போதும்.

எச்சரிக்கைக்கு வானிலைத் துறையோட myCuaca செயலி. தொடர் மழைக்கு மூணு படி: மஞ்சள் Waspada, ஆரஞ்சு Buruk, சிவப்பு Bahaya. ஆரஞ்சு வந்தாலே டயாலிசிஸ் போறவங்க கிளம்பணும். ஆத்து மட்டத்துக்கு publicinfobanjir.water.gov.my பக்கத்துல உங்களுக்கு மேல்புறம், அதாவது தண்ணி வர்ற பக்கம் உள்ள நிலையத்தைப் பார்க்கணும். கீழ்ப்புறம் பார்த்தா, சேதி வர்றதுக்கு முன்னாடி தண்ணி வந்துரும்.

"நம்ம நாட்டுக்குப் புயல் வராது"ன்னு சில பேர் சொல்றாங்க. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல புயல் உருவாகுறது அபூர்வம், அது உண்மை. ஆனா 2001 டிசம்பர்ல வாமெய் புயல் ஜொகூர்ல கரை ஏறுச்சு. 2021-லயும் அந்த மழையைக் கொண்டு வந்தது தீபகற்பத்தைக் குறுக்கே கடந்த ஒரு காத்தழுத்தத் தாழ்வுதான். நமக்குக் காத்தை விட அது இழுத்துட்டு வர்ற மழைதான் ஆபத்து. செய்தியில Lekukan Tropika-ன்னு ஒரு வார்த்தை கேட்டா, வட்டம் போடாத நாளா இருந்தாலும் வட்டம் போட்டுக்குங்க.

எல்லாரையும் எழுப்புறது எப்படி? மழைச் சத்தத்துல கோயில் மணி பக்கத்துப் பத்து வீட்டுக்குத்தான் கேக்குது, அளந்து பார்த்துட்டோம். அதனால பக்கத்து சுராவ் கமிட்டியோட பேசினோம். ஒரு பட்டையைத் தண்ணி தொட்டா அவங்க ஒலிபெருக்கியில மலாய்லயும் தமிழ்லயும் சொல்லுவாங்க. தமிழ்ல சொல்ற ரெண்டு வரியை நம்ம பையன் ஒருத்தன் பதிவு பண்ணிக் குடுத்திருக்கான். பதிலுக்கு அவங்க பக்கத்து ரெண்டு லோரோங்குக்கும் டியூப் வச்சு அளந்து குடுத்தோம்.

கடைசியா நம்ம கோயில் பக்கம் ஒரு வார்த்தை. அளக்கப் போன அன்னைக்குப் பெரிய லோங்காங் கம்பி வலையில அடைச்சுக்கிட்டு இருந்தது எது தெரியுமா? வாழைத் தண்டு, தேங்காய் மூடி, வாடின மாலை. நவராத்திரி முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வலை அடைச்சா 19-ஆம் நம்பர் பள்ளத்துல தண்ணி முதல் அரை மணியிலேயே நிக்கும், வெள்ளமே தேவையில்ல. இனி திருவிழா முடிஞ்ச மறுநாள் காலையில தோரண வாழை, மாலை எல்லாத்தையும் கோயிலே ஒரு லாரியில ஏத்தி அனுப்பும். வீட்டுல கட்டின வாழையையும் கோயில் பின்வாசல்ல கொண்டு வந்து போடுங்க, லோங்காங் ஓரத்துல சாத்தி வைக்காதீங்க.

இது எதுவும் அரசாங்க நிவாரண மையத்துக்குப் பதில் இல்ல. பி.பி.எஸ். திறந்துட்டா அங்கதான் போகணும், அங்கதான் பதிவு, மருந்து, சாப்பாடு. படகும் வண்டியும் வர்ற வரைக்கும் உள்ள அந்த ரெண்டு, மூணு மணி நேரத்துக்குத்தான் நம்ம கோடும் நோட்டும்.

ஞாயிறு வர்றவங்க லோரோங்குக்கு ரெண்டு பேராவது வாங்க, அதுல ஒருத்தர் ராத்திரி வீட்டுல இருக்கிறவரா இருக்கட்டும். டியூப் மூணு கோயில்ல இருக்கு. நீங்க கொண்டு வர வேண்டியது அளவு டேப், சாக்பீஸ், டார்ச் லைட். 2021 தண்ணிக் கறை சுவத்துல இன்னும் இருக்கிற வீட்டுக்காரங்க தயவு செஞ்சு அன்னைக்கு வரைக்கும் பெயின்ட் அடிக்காதீங்க, அந்தக் கறை எங்களுக்கு வேணும். காலைச் சாப்பாடு இட்லி, சாம்பார். மதியத்துக்குள்ள முடிச்சுடலாம்.

ஓம் சரவணபவ.